மழையை அழிக்காமல் கீறலை அழிப்பது

ஓர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ 1941இல் வெளிவந்தது. அதில் பெர்ன்ஸ்டைன் என்ற முதியவர் தன் அலுவலகத்தில் அமர்ந்து, இளமையில் ஒரு கணம் மட்டுமே கண்ட பெண்ணொருத்தியைப் பற்றிச் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. அவருக்குப் பின்னால் உள்ள யன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். 2001இல் இப்படத்தைக் கணினியில் சுத்தமாக்கி டிவிடியாக வெளியிட்டபோது அந்த மழை காணாமற்போனது. எவரும் அதை வேண்டுமென்று அழிக்கவில்லை. ஒரு பிரேமில் இருந்து அடுத்த பிரேமில் இல்லாத சிறு கோடுகளையும் புள்ளிகளையும் தூசு என்றும் கிரெய்ன் என்றும் கருதி நீக்கும்படி மென்பொருளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மழைத்துளியும் அப்படித்தானே நடந்துகொள்ளும்? 2011இல் புளூரே வட்டுக்காகப் படத்தை மறுபடி மீட்டெடுத்தபோது மழை திரும்பிவந்தது.

பழைய படச்சுருளை ஸ்கேன் செய்த பின் நடக்கும் வேலையின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. தூசு, கீறல், பூஞ்சணத் தடம் ஆகியவை காலம் படத்தின்மேல் ஏற்றியவை. கிரெய்ன் அப்படி ஏறியதன்று. அதுதான் படம். இரண்டும் கணினியின் பார்வையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், ஒன்றை நீக்கப்போய் மற்றதையும் இழக்கிறோம்.

இலங்கைத் தமிழருக்கு இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதலாக இருக்கிறது. 1983 யூலை வன்முறையில் ஹெந்தளையில் இருந்த கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த நெகட்டிவ்களும் சேர்ந்து போயின. நெகட்டிவ் அழிந்த படத்துக்கு எஞ்சுவது திரையரங்குகளில் ஓடித் தேய்ந்த பிரதிதான். வன்னியின் நிலை இன்னும் வேறு. 1996இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் கடைகளும் பாடசாலைகளும் அலுவலகங்களுமாகக் கூடிய காலத்தில், இங்கு படம்பிடித்த கருவி பெரும்பாலும் வீடியோக் கமராதான். காந்த நாடாவில் தெரியும் இரைச்சல் மின்சுற்றில் பிறப்பது. அதைக் குறைப்பதா விடுவதா என்பது வேறு வழக்கு. இக்கட்டுரை பிலிமைப் பற்றியது மட்டுமே.

நெகட்டிவ் இல்லாத கறுப்பு வெள்ளைப் படமொன்றை எப்படி மீட்பது என்பதற்கு நமக்கு மிக அருகிலுள்ள உதாரணம் கடலுக்கு அப்பால், சென்னையில், நடந்தது. ஜி. அரவிந்தனின் மலையாளப் படமான ‘தம்பு’ 1978இல் வெளிவந்தது. செங்கை ஆழியானின் நாவலிலிருந்து ‘வாடைக்காற்று’ இங்கு படமாக வெளிவந்த அதே ஆண்டு அது. பாரதப்புழை ஓரத்துக் கிராமமொன்றுக்கு ஒரு சர்க்கஸ் குழு வந்து கூடாரமடித்து, சில நாட்கள் ஆட்டம் காட்டிவிட்டுப் போகிறது. கதை அவ்வளவுதான். நிஜமான சர்க்கஸ் கலைஞர்களையும், அதைப் பார்க்க வந்த நிஜமான ஊர்மக்களையும் அரவிந்தன் படமாக்கினார். ஒளிப்பதிவு ஷாஜி என். கருண். சாகசத்தைவிட, அதை வாய்பிளந்து பார்த்த சனத்தின் முகங்களில்தான் அந்தக் கமரா நெடுநேரம் தங்குகிறது. இயக்கத்துக்கும் ஒளிப்பதிவுக்கும் அப்படம் இந்தியத் தேசிய விருதுகளைப் பெற்றது.

சிவேந்திர சிங் துங்கர்பூர் 2014இல் தொடங்கிய பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் இப்படத்தை மீட்க முற்பட்டபோது மூல நெகட்டிவ் இருக்கவில்லை. கிடைத்தவற்றுள் சிறந்தது, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தின் 35 மில்லிமீற்றர் பிரதியொன்றிலிருந்து எடுக்கப்பட்ட டூப் நெகட்டிவ். மார்ட்டின் ஸ்கோர்செஸியின் பிலிம் பவுண்டேஷன் நடத்தும் உலக சினிமாத் திட்டமும் இத்தாலியின் பொலொஞ்ஞா சினிமாக் காப்பகமும் கைகோக்க, சென்னை பிரசாத் நிறுவனத்திலும் பொலொஞ்ஞாவின் லிம்மாஜினே ரித்ரொவாத்தா ஆய்வுகூடத்திலும் வேலை நடந்தது. 2022 மே மாதத்தில் கான் திரைப்பட விழாவின் செவ்வியற் பிரிவில் அது திரையிடப்பட்டது.

மூல நெகட்டிவ் இல்லை, டூப் நெகட்டிவ்தான் உண்டு என்பதன் பொருள் என்ன? அதைப் புரிந்துகொள்ள, கிரெய்ன் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

கறுப்பு வெள்ளைப் பிலிமின் மேற்பூச்சு ஜெலற்றினால் ஆனது. அதற்குள் வெள்ளி ஹேலைட்டுப் பளிங்குகள் கோடிக்கணக்கில் ஒழுங்கில்லாமல் இறைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைக்கிரோமீற்றர் அளவு, சில அதைவிடச் சிறியவை. ஒளி பட்ட பளிங்கு, கழுவும்போது கறுப்பு வெள்ளித் துணுக்காக மாறுகிறது. ஒளி படாதது கரைந்து போய்விடுகிறது. ஆகவே பிலிமில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. வெள்ளித் துணுக்கு இருக்கும் இடமும் இல்லாத இடமுமாகத்தான் ஒரு கன்னத்தின் சாயல் உருவாகிறது. திரையில் நமக்குத் தெரியும் கிரெய்ன் தனித்த ஒரு பளிங்கன்று, அவ்வளவு சிறியதைக் காணவும் முடியாது. பூச்சின் ஆழத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த துணுக்குகள் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் ஐதாகியும் போவதால் வரும் ஏற்ற இறக்கத்தையே கண் கிரெய்னாக உணர்கிறது. முகத்தின் மேல் கிரெய்ன் ஒரு திரையாகப் படிந்திருப்பதாக எண்ணுவது தவறு. கிரெய்னை எடுத்துவிட்டால் அதன் அடியில் வேறொரு முகம் இல்லை.

இன்னொரு குணம் முக்கியமானது. அடுத்தடுத்த இரு பிரேம்களில் ஒரே முகம் இருக்கலாம், ஆனால் அவற்றின் பளிங்குகள் வேறு, விழுந்துகிடக்கும் விதமும் வேறு. வினாடிக்கு 24 பிரேம்கள் ஓடும்போது கண் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறது. மாறிக்கொண்டேயிருக்கும் கிரெய்ன் அடங்கி, மாறாத முகம் தெளிகிறது. ஒரு பிரேமை நிறுத்திப் பார்த்தால் கரடுமுரடாகத் தெரிவதும், அதையே ஓடவிட்டால் மென்மையாகத் தெரிவதும் இதனால்தான். மீட்டெடுப்பில் கிரெய்ன் அதிகமா குறைவா என்பதை நிறுத்திவைத்த பிரேமில் தீர்மானிப்பவர்கள் அநேகமாக எப்போதும் அளவுக்கு மீறி அழித்துவிடுகிறார்கள்.

இனி டூப் நெகட்டிவுக்கு வருவோம். கமராவில் ஓடிய நெகட்டிவில் ஒரு கிரெய்ன் உண்டு. அதிலிருந்து பிரதி எடுக்கும்போது அந்தக் கிரெய்ன் படத்தின் பகுதியாகவே பிரதியில் பதிகிறது. பிரதிப் பிலிமின் சொந்தக் கிரெய்னும் கூடவே சேர்கிறது, அது மிக நுண்ணியது. அந்தப் பிரதியிலிருந்து டூப் நெகட்டிவ் எடுக்கும்போது மூன்றாவது அடுக்கு வருகிறது. இருள் இன்னும் இருண்டு, வெளிச்சம் இன்னும் வெளுக்கிறது. நுண் விவரம் ஒவ்வொரு தலைமுறையிலும் சற்று மங்குகிறது. இத்தகைய மூலத்தைக் கையிலெடுப்பவர் ‘இயற்கையான கிரெய்னைக் காப்பேன்’ என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தக் கிரெய்னை என்று கேட்கவேண்டும். ஷாஜியின் கமராவில் ஓடிய பிலிமின் கிரெய்ன் படத்துக்குரியது. பின்னாளில் பிரதி எடுத்தபோது ஏறியது, கீறலைப் போலவே, காலம் ஏற்றியது.

இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க வழியில்லை. ஆனால் அளவைக் கணிக்கலாம். ஒன்றையொன்று சாராத ஏற்ற இறக்கங்கள் நேரடியாகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்கள்தான் கூடும். மூலக் கிரெய்னின் வலு 10 என்றும், பின்னர் ஏறியவற்றின் மொத்த வலு 6 என்றும் ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 ஆகாது. 100உம் 36உம் சேர்ந்த 136இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 11.7 ஆகும். அப்படியானால் பிரதியெடுப்பில் ஏறியதைக் கழிக்க 11.7ஐ 10 ஆக்கினால் போதும். அது 15 வீதத்துக்கும் குறைந்த குறைப்பு. மென்பொருளின் கட்டுப்பாட்டுத் திருகை ஓரளவு திருப்பினாலே இதைத் தாண்டிப் பாதிக்குப் போய்விடும். பல தலைமுறை கடந்த பிரதி என்பதால் கிரெய்னைத் தாராளமாக வழித்தெடுக்கலாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு இந்தச் சிறு கணக்கே காரணம்.

கிரெய்னைக் காப்பாற்றும் வேலையின் பெரும்பங்கு கணினிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கணினியில் நீக்கவேண்டிய அழுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் படம் தொடப்படாமல் இருக்கும். முதலில் பிலிமைக் கையால் பரிசோதித்து, கிழிந்த துளைகளையும் பழைய ஒட்டுகளையும் செப்பனிட்டு, கழுவுகிறார்கள். பிறகு ஈர வாயில் உள்ள ஸ்கேனர் இருந்தால் அதில் ஓட்டலாம். பிலிம் ஒளிபடும் இடத்தில் ஒரு திரவத்தினூடே செல்கிறது. பெர்குளோரோஎதிலின் என்ற அத்திரவம் ஒளியை முறிக்கும் அளவு, பிலிமின் அசற்றேற்றுத் தாள் முறிக்கும் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். தாளின் பின்பக்கத்துக் கீறலில் திரவம் நிரம்பியதும், ஒளிக்கு அங்கே கீறல் இருப்பதே தெரிவதில்லை. அதற்கு அடியில் உள்ள கிரெய்ன் முழுதாகப் பதிகிறது. பூச்சுப் பக்கத்தைக் கிழித்து வெள்ளியையே எடுத்துச் சென்ற கீறலுக்கு இது உதவாது. அங்கே படமே இல்லை.

ஸ்கேனரின் விளக்கும் கிரெய்னைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஒரே திசையில் பாயும் ஒளியை வெள்ளித் துணுக்குகள் சிதறடிப்பதால் கறுப்பு வெள்ளைப் படத்தில் முரண் மிகுந்து கிரெய்னும் கீறலும் கடுமையாகத் தெரியும். பல திசைகளிலிருந்தும் பரவி வரும் ஒளியில் இரண்டும் தணியும். எந்தப் பிலிமுக்கு எந்த ஒளி என்பது ஸ்கேனருக்கு முன் நிற்பவர் எடுக்கவேண்டிய முடிவு. பிறகு அதை மாற்ற முடியாது.

கறுப்பு வெள்ளைக்கு இன்னொரு பாதகமும் உண்டு. வண்ணப் பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பதில்லை, தூசும் கீறலும் தடுக்கும். எனவே அகச்சிவப்பில் ஒரு தனிப் படம் எடுத்தால் அழுக்கின் வரைபடம் மட்டும் தனியே கிடைத்துவிடும். மென்பொருள் அந்த இடங்களை மட்டும் தொட்டாற் போதும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளியால் ஆனது, வெள்ளி அகச்சிவப்பையும் தடுக்கிறது. ஆகவே ‘தம்பு’ போன்ற படத்துக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. தூசைத் தேட ஒரே வழி, பிரேமுக்குப் பிரேம் ஒப்பிடுவதுதான்.

ஒப்பிடும் முறை இது. நடுப் பிரேமை முன்னதோடும் பின்னதோடும் வைத்துப் பார்க்கிறது மென்பொருள். அசைவைக் கணித்து மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது. முன்னும் பின்னும் ஒத்திருந்து, நடுவில் மட்டும் வேறாக இருக்கும் இடத்தைத் தூசு என்று குறிக்கிறது. கிரெய்னும் நடுவில் மட்டும் இருப்பதுதான். இரண்டையும் வேறுபடுத்துவது அளவும் வலுவும் மட்டுமே. எல்லையைத் தாழ்த்தினால் கிரெய்னின் அடர்ந்த கட்டிகள் தூசாகக் குறிக்கப்பட்டுப் போகும். உயர்த்தினால் சிறு தூசு எஞ்சும். சர்க்கஸ் படத்தில் இது இன்னும் ஆபத்தானது. எறியப்பட்ட பந்து, ஊஞ்சலிலிருந்து பாயும் கலைஞரின் கை, குதிரையின் குளம்பிலிருந்து தெறிக்கும் மண் ஆகிய எவையும் ஒரு பிரேமில் இருந்த இடத்தில் அடுத்ததில் இருப்பதில்லை. அசைவைக் கணிக்கும் பகுதி தவறினால் பந்து பாதி வழியில் மறையும். பந்துக்குத் தூசுக்குரிய தண்டனை கிடைத்துவிட்டது என்று பார்வையாளருக்குத் தெரியாது. ஏதோ கண் தடுமாறியதாக எண்ணிக்கொள்வார்.

எனவே நல்ல ஆய்வுகூடங்கள் தானியங்கி நீக்கத்தை மென்மையாக வைத்து, வேகமான அசைவுள்ள ஷாட்களில் அதை முழுதாக நிறுத்தி, எஞ்சியதைக் கையால் நீக்குகின்றன. கையால் என்றால் எவ்வளவு? ‘தம்பு’ 129 நிமிடம் ஓடுகிறது. வினாடிக்கு 24 வீதம் 1,85,760 பிரேம்கள். சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களின் நெகட்டிவ் 1993இல் லண்டன் ஆய்வுகூடமொன்றில் தீயில் சிக்கியது. எஞ்சியதை வைத்து பொலொஞ்ஞாவில் பழுதுபார்த்தபோது கைவேலை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணித்தியாலம் எடுத்தது. அப்படங்களை இன்று பார்ப்பவருக்கு முகத்தில் தோல் தோலாகவே தெரிகிறது என்றால், அந்த மணித்தியாலங்கள் அதற்குக் கொடுத்த விலை.

தூசை எடுத்த இடத்தில் ஒன்றை வைக்கவேண்டும். இங்கேதான் அனுபவமில்லாதவர் அதிகம் சறுக்குவது. ஓரத்துப் பிக்சல்களை இழுத்து நிரப்பினால் அந்த இடம் வழுவழுப்பாகிவிடும். சுற்றிலும் கிரெய்ன் கொதித்துக்கொண்டிருக்க நடுவில் ஒரு செத்த புள்ளி. நெடுங்கீறலில் இப்படிச் செய்தால், கீறல் போன இடத்தில் வழுவழுத்த ஒரு நாடா படம் முழுக்க நின்றுகொண்டிருக்கும். கீறலே பரவாயில்லை என்று தோன்றும். முன் பிரேமையும் பின் பிரேமையும் சராசரியாக்கி நிரப்பினாலும் முழுத் தீர்வன்று. இரண்டு பிரேம்களின் சராசரியில் கிரெய்னின் வலு 71 வீதமாகக் குறைகிறது. ஒரே ஒரு அயற்பிரேமிலிருந்து எடுத்து நிரப்புவது மேல், ஏனெனில் அது அசல் பிலிமில் விளைந்த கிரெய்னையும் கூட்டிக்கொண்டு வரும். ஆனால் ஒரே துண்டை அடுத்தடுத்துப் பல பிரேம்களில் ஒட்டினால் கிரெய்ன் அசையாமல் உறைந்துபோகும். ஓடும் படத்தில் உறைந்த கிரெய்ன் அழுக்குக் கண்ணாடியினூடே பார்ப்பதைப் போலத் தெரியும். அவ்விடத்தில் மட்டும் புதிதாகக் கிரெய்ன் விளைவிப்பது கடைசி வழி. அப்போதும் அதே ஷாட்டில், அதே அளவு வெளிச்சமுள்ள, விவரமில்லாத வானத்திலோ சுவரிலோ உள்ள கிரெய்னை அளந்து, அதன் பருமனுக்கும் வலுவுக்கும் ஒப்பவே செய்யவேண்டும். கிரெய்ன் இருளிலும் வெளிச்சத்திலும் ஒரே வலுவோடு இருப்பதில்லை. திரையில் நடுச்சாம்பல் பகுதிகளில்தான் அது அதிகம் தெரியும். படம் முழுவதும் ஒரே சீராகத் தூவப்பட்ட செயற்கைக் கிரெய்னை இதைக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

ஆட்டத்தை நிறுத்தும் வேலையும் கிரெய்னைத் தொடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுருங்கிய, துளை தேய்ந்த பிலிமில் படம் மேலும் கீழும் ஆடும். ஒவ்வொரு பிரேமையும் தேவையான அளவு நகர்த்தி நிலைநிறுத்துவார்கள். நகர்வு முழுப் பிக்சலாக இருந்தால் பிரச்சினையில்லை. அரைப் பிக்சல் என்றால் அயலிலுள்ள பிக்சல்களைக் கலந்து புதிய பெறுமானம் கணிக்கவேண்டும், அந்தக் கலப்பில் கிரெய்ன் மழுங்கும். ஒரு பிரேமில் முழுப் பிக்சல், அடுத்ததில் அரைப் பிக்சல் என்று மாறிமாறி வந்தால் கிரெய்ன் கூர்மையாகி மழுங்கி, மறுபடி கூர்மையாகி, மூச்சுவிடுவதுபோலத் தெரியும். சுருக்கம், கோணல், ஆட்டம் எல்லாவற்றுக்குமான திருத்தங்களைக் கணக்கில் ஒன்றாகச் சேர்த்து, பிக்சலை ஒரே ஒரு தடவை மட்டும் நகர்த்துவதே இதற்கு மாற்று.

உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்வதற்குக் காரணமும் இதுவே. மூன்று தலைமுறை கடந்த படத்தில் 4கே அளவுக்கு விவரம் ஏது என்று கேட்பார்கள். விவரம் இல்லாமலிருக்கலாம், கிரெய்ன் இருக்கிறது. 35 மில்லிமீற்றர் பிலிமில் பிரேமின் முழு அகலம் ஏறக்குறைய 25 மில்லிமீற்றர். அதை 4,096 பிக்சலாகப் பிரித்தால் ஒரு பிக்சலுக்கு ஆறு மைக்கிரோமீற்றர் வருகிறது. 2கே என்றால் பன்னிரண்டு. கிரெய்னின் நுண்ணிய பகுதியைப் பிடிக்க முடியாத ஸ்கேன் அதை விட்டுவிடுவதில்லை, தவறாகப் பதிந்து உண்மையில் இருப்பதைவிடப் பருத்த போலிக் கிரெய்னாக மாற்றிவிடுகிறது. பிறகு அதைப் பார்த்துவிட்டு ‘கிரெய்ன் அதிகம், குறைக்கவேண்டும்’ என்கிறோம். 16 மில்லிமீற்றர் பிலிமின் பிரேம் 35இன் பாதி அகலத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரே திரையில் விரிக்கும்போது அதன் கிரெய்ன் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரிவது இயல்பே. அதைப் பழுதாகக் கருதக்கூடாது.

இனி, கிரெய்னைக் குறைத்தே ஆகவேண்டிய இடம். டூப் நெகட்டிவில் ஒரு ரீல் மற்றதைவிட மோசமாக இருக்கலாம், அல்லது இரு மூலங்களிலிருந்து எடுத்த பகுதிகள் ஒரே காட்சிக்குள் ஒட்டப்பட்டிருக்கலாம். அப்போது ஷாட்டுக்கு ஷாட் கிரெய்ன் குதிக்கும், அதைச் சமன் செய்யத்தான் வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் அசைவைக் கணித்து அயற்பிரேம்களைச் சராசரியாக்குகின்றன. மூன்று பிரேம்களின் சராசரியில் கிரெய்ன் 58 வீதமாகும், ஐந்தில் 45 வீதம். அசையாத சுவரில் இது அற்புதமாக வேலை செய்யும். ‘தம்பு’வின் பார்வையாளர் கூட்டத்தில் ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். பிரேம் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு என்றால் முகம் 200 பிக்சலுக்குச் சற்று மேல், கண் முப்பது நாற்பது பிக்சல், கண்ணோரத்துச் சுருக்கம் மூன்று நான்கு பிக்சல். கிரெய்னின் கட்டிகளும் ஏறத்தாழ அதே அளவு. அந்த முகம் சிரிக்கிறது, இமைக்கிறது, வியப்பில் வாய் திறக்கிறது. ஐந்து பிரேம் என்பது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் ஓர் இமைப்பு தொடங்கிப் பாதிக்கு மேல் முடிந்துவிடும். அந்த ஐந்தையும் சராசரியாக்கினால் சுருக்கம் போகும், தோல் மெழுகாகும், தலை திரும்பும்போது முகம் முகமூடியாக வழுக்கிச் செல்லும். மென்மையாகிவிட்ட படத்தைக் கூராக்க மற்றொரு வடிகட்டியைப் போடுவார்கள், அதனால் தலையைச் சுற்றி வெள்ளை விளிம்பு வரும். 2010இல் வெளியான ‘பிரிடேட்டர்’ புளூரே வட்டில் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகரின் முகம் மெழுகுச் சிலைபோல ஆனதைப் பார்த்து உலகெங்கும் இரசிகர்கள் கொதித்தார்கள். அது நல்ல நெகட்டிவ் உள்ள, நட்சத்திரப் படம். பெயர் தெரியாத ஊர்மக்களின் முகம் மெழுகானால் கொதிக்க யாருமில்லை. ‘தம்பு’வில் அந்த முகங்களை எடுத்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சும்?

அளவு மீறியதா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. திருத்திய பிரேமை மூல ஸ்கேனிலிருந்து பிக்சல் பிக்சலாகக் கழித்து, மிஞ்சுவதைச் சாம்பல் பின்னணியில் வெளிச்சமாக்கிப் பார்க்கவேண்டும். அதில் தெரிவதுதான் படத்திலிருந்து எடுக்கப்பட்டது. தூசுப் புள்ளிகளும் கீறல்களும் மட்டும் தெரிந்தால் வேலை சரி. சீரான மெல்லிய மணலாகக் கிரெய்ன் தெரிந்தால், குறைத்திருக்கிறோம், ஆனால் படத்தின் விவரத்தைத் தொடவில்லை. அந்த மணலுக்குள் மூக்கின் கோடோ, கண்ணிமையின் வளைவோ, சேலைக் கரையோ தெரிந்தால் படத்தின் விவரம் குப்பையோடு போய்விட்டது. திருத்திய படத்தை மட்டும் பார்த்து இதை உணர முடியாது, அது சுத்தமாகவும் அழகாகவுமே தெரியும். பணம் கொடுத்து வேலை செய்விப்பவர் எவரும் ஷாட்டுக்கு ஒன்றாவது இந்தக் கழித்தல் படத்தைக் கேட்டு வாங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திரைப்படக் காப்பகங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபியாஃபின் அறநெறிக் கோவையும், காலமும் தேய்மானமும் ஏற்றியவற்றை அகற்றலாம், மூலத்தின் இயல்பை மாற்றக்கூடாது என்றே வரையறுக்கிறது. கழித்தல் படம் அந்த வரம்பைக் கண்ணால் காணச் செய்கிறது.

இவ்வளவு கவனமாகக் காத்த கிரெய்ன் பார்வையாளரைச் சென்றடைகிறதா என்பது தனிக் கேள்வி. திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதி வினாடிக்கு 250 மெகாபிற் வரை சுமக்கும், அதில் கிரெய்ன் பிழைக்கும். கைத்தொலைபேசிக்கு வரும் இணையக் காணொளி அதில் ஒரு சிறு பங்கையே சுமக்கிறது. பிரேமுக்குப் பிரேம் மாறும் கிரெய்னைச் சுருக்குவது மிகக் கடினம் என்பதால், சுருக்கும் முறை அதைக் கட்டம் கட்டமாகச் சிதைத்துவிடும். ஏவி1 என்ற புதிய முறை, கிரெய்னை முதலில் பிரித்தெடுத்து அதன் பருமன், வலு முதலியவற்றை மட்டும் எண்களாக அனுப்பி, பார்க்கும் கருவியில் அதே குணமுள்ள கிரெய்னை மறுபடி விளைவிக்கிறது. தொலைபேசியில் பார்ப்பதற்கு இதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் இணையத்துக்கு ஏற்றவேண்டும் என்பதற்காக மீட்டெடுத்த மூலத்திலேயே கிரெய்னை வழித்துவிடுவதை ஏற்கமுடியாது. அது வேறு கோப்பு, வேறு தேவை.

மூல ஸ்கேனையே எறிந்துவிடுவது இன்னும் கொடிது. 4கே முழுப் பிரேம் ஒன்று 10 பிற் டிபிஎக்ஸ் கோப்பாக ஏறக்குறைய 50 மெகாபைற். ‘தம்பு’ அளவுள்ள படத்துக்கு ஒன்பதரை ரெறாபைற் அளவில் வரும். செலவைக் காரணம் காட்டித் திருத்திய பிரதியை மட்டும் வைத்துக்கொள்வார்கள். பிலிம் நன்றாக இருக்கும்வரை இதனால் பெரிய கேடில்லை, மறுபடி ஸ்கேன் செய்யலாம். ‘சிட்டிசன் கேன்’ மழை திரும்பி வந்தது பிலிம் மூலம் பத்திரமாக இருந்ததால்தான். இங்கே நிலைமை அப்படியன்று. அசற்றேற்றுப் பிலிம் 21 பாகை செல்சியஸிலும் 50 வீத ஈரப்பதனிலும் வைத்தாலே ஏறக்குறைய 40 ஆண்டுகளில் வினாகிரி நோய் தொடங்கும் என்பது ரொச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்ரிரியூட்டின் கணிப்பு. வெப்பமும் ஈரமும் கூடக்கூட அந்தக் காலம் குறுகும். கிளிநொச்சிப் பக்கத்தில் மாரியில் கொட்டித் தீர்க்கும் மழையும், பங்குனி சித்திரையில் தகரக் கூரையின் கீழ் ஏறும் சூடும் அதை இன்னும் சுருக்கவே செய்யும். பெட்டியைத் திறந்தவுடன் வினாகிரி மணந்தால் தாளிலிருந்து அசற்றிக் அமிலம் வெளியேறத் தொடங்கிவிட்டது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும். பிலிம் சுருங்கும், வளையும், ஒரு கட்டத்தில் எந்த ஸ்கேனரிலும் தட்டையாக நிற்காது.

அப்படிப்பட்ட ரீல் ஒன்று வவுனியாவிலோ ஸ்கந்தபுரத்திலோ ஒரு வீட்டில் கிடைத்தால், அதை மற்றப் பிலிம்களிலிருந்து பிரித்து, தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, காற்றுப் போகும் உறையில் குளிரான இடத்தில் வைத்து, தாமதியாமல் ஸ்கேன் செய்யக் கொடுக்கவேண்டும். வீட்டு ஓட்டுக்கருவியில் ஒரு தடவையேனும் ஓட்டிப் பார்க்கக்கூடாது, துளைகள் கிழியும். பல் இல்லாமல் உருளையில் ஓடும் ஸ்கேனரா என்று கேட்கவேண்டும். ஆய்வுகூடத்துக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளையில் திருத்தம் எதுவும் செய்யாத, கிரெய்ன் குறைக்காத, கூராக்காத முழு ஸ்கேனைத் தனியாகத் தரும்படி சொல்லவேண்டும். பல ஸ்கேனர்களில் கிரெய்ன் குறைப்பு ஸ்கேன் செய்யும்போதே நடக்கும்படி வைக்கப்பட்டிருக்கும், அது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யவேண்டும். கிடைத்த கோப்புகளை இரண்டு வன்றட்டுகளில் எழுதி, இரண்டையும் இரண்டு ஊர்களில் வைக்கவேண்டும். தூசு நீக்குவதும் ஆட்டம் நிறுத்துவதும் பத்து ஆண்டு கழித்து, நல்ல மென்பொருளும் பொறுமையான கையும் வாய்க்கும்போது செய்யலாம்.